தரவரிசை 41: இழந்த மதிப்பெண்கள் எங்கே போயின?

"ஐயா, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு முடித்தேன். 500-க்கு 463, பள்ளியில் முதலிடம். இப்போது டவுனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழியில் பயோ-மேக்ஸ் குரூப் படிக்கிறேன். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 31 மட்டுமே. 58 பேரில் 41-ஆவது இடம். பக்கத்தில் உட்காருபவன் 66. எனக்குக் கேள்வி புரிவதற்குள் அவர்கள் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இனி எவ்வளவு படித்தாலும் இவர்களை எட்டவே முடியாது என்று தோன்றுகிறது. பழைய நம்பிக்கை திரும்ப வருமா?"

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் காலாண்டு விடைத்தாள் கொடுக்கும் வாரத்தில், உங்களைப் போல ஊர்ப் பள்ளியில் முதலிடம் பெற்று வந்த ஓரிருவர் பின்வரிசைக்கு இடம் மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்டது, "முன்பு உனக்கு இயற்பியல் வரும் என்று எதை வைத்து நம்பினாய்?" என்பதுதான். பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "நான்தானே சார் ஃபர்ஸ்ட்." அந்த நம்பிக்கையே பக்கத்தில் இருந்தவர்களை வைத்து அளந்ததுதான். இன்று 41 என்று சொல்லும் அளவுகோலும் அதுவேதான், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தாம் மாறியிருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். தன் திறனை நேரடியாக அளக்க வழியில்லாதபோதுதான் மனிதன் தன்னைப் பிறருடன் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்பது அதன் ஒரு முக்கியக் கூற்று. பின்னர் ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர், ஒரே அளவு திறமையுள்ள இரு மாணவர்களில், சராசரி உயர்ந்த பள்ளியில் படிப்பவர் தன்னைக் குறைவாகவும், சராசரி தாழ்ந்த பள்ளியில் படிப்பவர் தன்னை உயர்வாகவும் மதிப்பிட்டுக்கொள்வதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சிறு குளத்துப் பெரிய மீன் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். 2003-இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு 26 நாடுகளின் மாணவர்களிடம் இதே விளைவு இருப்பதைக் காட்டியது. உங்களுக்கு நேர்ந்திருப்பது உங்கள் மூளையில் ஏற்பட்ட பழுதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்வதால் மட்டும் 31 என்பது 50 ஆகிவிடாது. உங்களுக்கு வேண்டியது வேறோர் அளவுகோல். அது உங்கள் பையிலேயே இருக்கிறது, விடைத்தாளின் வடிவில்.

அதற்குமுன், அவர்கள் எப்படிக் கணக்கைப் பார்த்த உடனே போடுகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அதில் பாதி விடை பாடநூல்களின் வரிசையிலேயே இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் இரண்டாவது அலகாக, ஜூன், ஜூலை மாதங்களிலேயே வந்துவிடுகிறது. அதற்கு வெக்டரும், வகையிடலும், ஓரளவு தொகையிடலும் வேண்டும். நான்காவது அலகில் மாறும் விசை செய்யும் வேலையைக் கணக்கிடத் தொகையிடல் இல்லாமல் முடியாது. ஐந்தாவதில் திருப்பு விசைக்கு வெக்டர் பெருக்கல் தேவை. கணிதப் புத்தகத்திலோ வெக்டர் இயற்கணிதம் எட்டாவது பாடம், வகையிடல் பத்தாவது பாடம், தொகையிடல் பதினொன்றாவது பாடம், மூன்றுமே இரண்டாம் தொகுதியில். இயற்பியல் நூலே இவற்றைச் சில பக்கங்களில் சுருக்கமாக அறிமுகப்படுத்துகிறது என்றாலும், ஒருமுறை வாசித்ததில் கை பழகிவிடாது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் டியூஷனுக்கோ பயிற்சி வகுப்புக்கோ போனவர்கள் இந்தக் கணிதத்தை முன்பே போட்டுப் பழகிவிட்டு வருகிறார்கள். ஆசிரியர் கரும்பலகையில் `dx/dt` என்று எழுதும்போது அவர்கள் இரண்டாம் முறையாகப் பார்க்கிறார்கள், நீங்கள் முதல் முறையாகப் பார்க்கிறீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு அறிவின் வேறுபாடாகத்தான் தெரியும். இதைக் கவனிக்காமல், முதல் வரிசையில் நான்கு பேர் தலையசைத்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விட்ட குற்றம் என்னுடைய வகுப்புகளிலும் நடந்திருக்கிறது.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. உந்தம், நிலைமம், முடுக்கம் என்று படித்தவருக்கு மொமெண்டம், இனெர்ஷியா, ஆக்ஸிலரேஷன் என்பவை ஒரு மாதத்தில் பழகிவிடும், ஏனென்றால் அவற்றை எல்லோரும் கலைச்சொற்களாகவே கற்றுக்கொடுப்பார்கள். உண்மையான இடறல் யாரும் கற்றுக்கொடுக்காத சாதாரணச் சொற்களில் இருக்கிறது. "இனிஷியலி அட் ரெஸ்ட்" என்றால் தொடக்கத் திசைவேகம் சுழியம் என்றும், "நெக்லிஜிபிள்" என்றால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும், "ரெஸ்பெக்டிவ்லி" என்றால் சொன்ன வரிசையிலேயே பொருத்திக்கொள் என்றும் தெரியாதவர், கணக்குத் தெரிந்தும் தொடங்க முடியாமல் நிற்பார். ஒரே பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அலகு வரிசையில் கிடைக்கிறது. ஒவ்வொரு அலகின் இறுதியிலும் உள்ள கணக்குகளை மட்டும் இரண்டையும் அருகருகே வைத்து வாசித்து, இத்தகைய சொற்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சில அலகுகளுக்குள்ளேயே அந்தத் தாளில் புதிதாகச் சேர்க்கச் சொல் கிடைப்பது அரிதாகிவிடும்.

இனி விடைத்தாள். உங்களுடைய நிலைமைக்கு மிக நெருங்கிய ஒரு மாணவியின் கணக்கை என் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். அவரும் தமிழ் வழியிலிருந்து வந்தவர்தான். காலாண்டில் 70-க்கு 34, வகுப்பில் 54 பேரில் 38-ஆவது இடம். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்தில் 9, இரண்டு மதிப்பெண் பகுதியில் 12-க்கு 8, மூன்று மதிப்பெண் பகுதியில் 18-க்கு 8, ஐந்து மதிப்பெண் பகுதியில் 25-க்கு 9. போனவை 36 மதிப்பெண்கள். ஒரு சனிக்கிழமை மாலை அந்த 36-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது ஏன் போயிற்று?" என்று பக்கத்தில் பென்சிலால் எழுதச் சொன்னேன். "படிக்கவில்லை", "கவனக்குறைவு" என்ற இரண்டு சொற்களையும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை, ஏனென்றால் அந்த இரண்டும் எதையும் விளக்காமலேயே குற்றவுணர்ச்சியை மட்டும் கூட்டுபவை.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கணக்கு இப்படி வந்தது. இயற்பியல் கருத்து தெரிந்திருந்தும், வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பதிலோ வகையிடுவதிலோ சைன், கொசைன் மதிப்பிலோ நின்றுபோனதால் இழந்தவை 17. வினாவின் ஆங்கிலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் 6. வரையறை, தருவிப்பு முதலியவை நினைவுக்கு வராததால் 8. நேரம் போதாமல் தொடாமலே விட்ட ஒரு நெடுவினாவுக்கு 5. "எனக்கு ஃபிசிக்ஸ் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் தாளில், இயற்பியலே தெரியாததால் போனது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்குச் சற்றுக் குறைவானது, பெரும்பாலும் கணிதத்தில் இன்னும் யாருமே நடத்தாத பாடத்தால் போயிருந்தது. அன்று அவர் முகத்தில் நான் பார்த்தது மகிழ்ச்சியல்ல, எரிச்சல். "இதுக்கா சார் இவ்வளவு நாள் அழுதேன்?" என்று கேட்டார். அந்த எரிச்சலை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

பதினேழையும் ஒன்றாகத் தாக்க முடிவு செய்தோம், மற்றவற்றை அப்போதைக்குத் தொடவில்லை. மூன்று வாரம், நாளொன்றுக்கு நாற்பது நிமிடம். முதல் வாரத்தில் 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கான சைன், கொசைன் மதிப்புகளும், ஒரு விசையை இரு திசைகளாகப் பிரிப்பதும் மட்டும். கிடைத்தளத்துடன் 30 பாகைச் சாய்வில் செயல்படும் 10 நியூட்டன் விசைக்குக் கிடைக்கூறு 10 cos 30° = 8.66 நியூட்டன், செங்குத்துக் கூறு 10 sin 30° = 5 நியூட்டன். இதைக் கோணத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றி நாற்பது முறையாவது போட்டிருப்பார். சாய்தளக் கணக்கில் கோணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம், எனவே படம் வரையாமல் ஒரு கணக்கும் போடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் வாரம் வகையிடல். அதுவும் `tⁿ`, சைன், கொசைன் ஆகிய மூன்றுக்கு மட்டும், அதற்குமேல் இயக்கவியலுக்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. ஒரு பொருளின் நிலை x = 2t³ − 3t² + 4t என்றால், திசைவேகம் 6t² − 6t + 4, முடுக்கம் 12t − 6. இரண்டாவது வினாடியில் திசைவேகம் 24 − 12 + 4 = 16 மீ/வி, முடுக்கம் 18 மீ/வி². முதல் நாள் இந்தக் கணக்குக்கு அவருக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று, வாரக் கடைசியில் இதே வகைக் கணக்குக்கு இரண்டு நிமிடம். நேரத்தைக் கணக்கின் ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தை அவரே தொடங்கினார். மூன்றாம் வாரம் அதே படியைத் திருப்பிப் போடும் தொகையிடல், பிறகு கலவைக் கணக்குகள்.

இதில் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டேன். தீர்வைப் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கு, கணக்கில் சேராது. நோட்டை மூடிவிட்டு, மறுநாள் வெற்றுத்தாளில் முதல் வரியிலிருந்து விடையின் அலகு வரை தானாகப் போட்டால்தான் அதற்கு ஒரு டிக். ஆசிரியர் போடும்போது புரிவதும், எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பழக்கமாகத் தெரிவதும் தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருகின்றன, தேர்வு அறையில்தான் அது கலைகிறது. உழைத்தும் மதிப்பெண் வராதவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டியிருப்பார்கள். இரவு பதினொன்று வரை படித்தும் 31 என்று நீங்கள் வருந்துவதாக இருந்தால், அந்த நேரத்தில் எத்தனை நிமிடம் புத்தகம் மூடியிருந்தது என்று பாருங்கள்.

மூன்று வாரம் முடிந்ததும், காலாண்டுத் தாளில் அந்தப் பதினேழு மதிப்பெண்ணை விழுங்கிய கேள்விகளையே எண்களை மாற்றி எழுதிக் கொடுத்தேன். 17-க்கு 12 வந்தது. அவர் நம்பிக்கை திரும்பியது என்று நான் சொல்ல வேண்டுமானால் அந்த மாலையைத்தான் சொல்வேன், அப்போதும் அவர் வகுப்பில் அதே 38-ஆவது இடத்தில்தான் இருந்தார். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் தன் திறன் மீதான நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்து நான்கு ஊற்றுகளைக் கூறினார். அவற்றில் மிக வலுவானது, முன்பு செய்ய முடியாத ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் தேறுதல் அதைவிட வலுக்குறைந்தது. "உன்னால் முடியும்" என்று வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு ஒட்டாமல் போவது அதனால்தான். உங்கள் மனம் ஆதாரம் கேட்கிறது, அப்படிக் கேட்பதில் தவறில்லை.

இந்த இடத்தில் பலர் சறுக்குவதால் அரையாண்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாணவி 34-லிருந்து 45-க்கு வந்தார். தரவரிசை 38-லிருந்து 35-க்குத்தான் வந்தது. மீண்டும் கண்ணீர். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை, அரையாண்டுக்குள் வகுப்பு முழுவதுமே கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஓடும் ரயிலுக்குள் முன்னோக்கி நடப்பவர் பக்கத்து இருக்கையை வைத்துத் தன் வேகத்தை அளந்தால் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதுவும். மேலும் நடுப்பகுதியில் மதிப்பெண்கள் நெருக்கமாக இருப்பதால், அங்கே இரண்டு மதிப்பெண் ஆறேழு இடங்களை மாற்றிவிடக்கூடும், மேல்முனையில் அதே இரண்டு மதிப்பெண் ஓரிடத்தைக்கூட மாற்றாமல் போகலாம். ஏற்ற இறக்கம் மிகுந்த ஓர் எண்ணை வைத்து இனி எட்டவே முடியாது என்று எப்படிச் சொல்வது? தமிழக அரசு 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. வகுப்பறைச் சுவர்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படிப் பட்டியல் ஒட்டியவன்தான்.

ஒப்பிடுவதையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கும் அறையில் அது நடக்காது. ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று, தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்ப்பது. இதில் "தன்னைப் போன்ற" என்பதுதான் உயிர். 66 எடுத்தவர் உங்களுக்குத் தொல்லையாக இருக்கும் வரியை எப்போதோ கடந்துவிட்டார், அதை எப்படிக் கடந்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. "இது ஈஸிடா" என்பதற்குமேல் அவரால் சொல்ல முடியாது. தேர்வன்று காலையில் "நான் ஒண்ணுமே படிக்கலைடா" என்று சொல்லிவிட்டு 66 எடுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 38, 40 எடுத்த ஒருவரைத் தேடுங்கள். அவர் போன மாதம்தான் அந்த இடத்தில் நின்றிருப்பார். "உனக்கு எப்படி வருகிறது?" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனாய்?" என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். என் மாணவிக்குக் கூறுகளாகப் பிரிப்பதைப் புரியவைத்ததில் என்னைவிடப் பெரிய பங்கு, 41 எடுத்த அவருடைய பெஞ்சுத் தோழிக்கு உண்டு.

இந்த முறை எல்லோருக்கும் மூன்று வாரத்தில் பலன் தராது. இழந்த மதிப்பெண்களைப் பிரிக்கும்போது பெரும்பகுதி ஒரு காரணத்தில் குவியாமல், பின்னங்கள், சமன்பாட்டில் பக்கம் மாற்றுவது, அடுக்குகள் என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணிதம் வரை சிதறியிருந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம். அப்போதும் வழி இதுதான், தொடங்கும் இடம் மட்டும் கீழே. இருமுறை தொடர்ந்து ஒரே வகைப் பிழை தாளில் வந்தால், பயிற்சி போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போகாமல், அதற்கு முந்தைய படி ஒன்று இல்லை என்று எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் அந்தத் தாளோடு போங்கள். "சார், ஃபிசிக்ஸ் புரியலை" என்பவருக்கு எந்த ஆசிரியராலும் உதவ முடியாது, "சார், இந்த மூணாவது வரி ஏன் மைனஸ்?" என்பவரை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பமாட்டார்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் வெற்றுத்தாளில் சரியாகப் போட்டது தேர்வறையில் மட்டும் மறந்துபோனால், அது பாடக் குறையல்ல, பதற்றம். அதற்கு நேரம் வைத்து, ஆட்கள் நடுவில் உட்கார்ந்து எழுதிப் பழகுவது ஓரளவு உதவும். ஆனால் பல வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்குப் போகவே உடல் மறுக்கிறது என்றாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்துபோனாலோ, விடைத்தாள் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

என் மாணவி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70-க்கு 58 எடுத்தார். வகுப்பில் எத்தனையாவது என்று நான் குறித்துவைக்கவில்லை. உங்களிடம் இப்போது காலாண்டுத் தாள் இருக்கிறது, 39 மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுத வேண்டியிருக்கிறது. அரையாண்டுக்கு இடையில் எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணி, மிகப் பெரிய ஒரு காரணத்துக்கு மட்டும் அதில் மூன்று வாரத்தை ஒதுக்குங்கள். அரையாண்டுத் தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்குமுன், அந்தக் காரணத்தால் இம்முறை எத்தனை மதிப்பெண் போயிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்ப்பதற்கும் முன்பாக.